பொய்யான விடையைக் கொண்டு மெய்யான பக்கத்தைத் தேடிய கதை

வேளாண் கையேடுகள், பயிற்சி முகாம்களில் தந்த துண்டறிக்கைகள், பழைய வார இதழ் நறுக்குகள் என்று சித்தப்பா வீட்டில் ஒரு பெட்டி நிறையக் காகிதங்கள் இருந்தன. சென்ற ஆண்டு அவற்றை ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்து, என் மடிக்கணினியிலேயே ஒரு தேடல் வசதி அமைத்தேன். மொத்தம் அறுநூறு துண்டுகளுக்குச் சற்று மேல். ஒவ்வொரு துண்டையும் `multilingual-e5-base` என்ற எம்பெடிங் மாதிரி மூலம் 768 எண்கள் கொண்ட வெக்டராக மாற்றி வைத்துக்கொண்டேன்; கேள்வி வந்ததும் அதையும் அவ்வாறே மாற்றி, எந்தத் துண்டு அதற்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இந்த அளவுக்குத் தனித் தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. பைத்தானின் நம்பை நூலகத்தில் ஒரு பெருக்கல் போதும்.

இது பல கேள்விகளுக்கு நன்றாகவே வேலை செய்தது. சிக்கல், சித்தப்பா தம் வழக்கில் கேட்கத் தொடங்கியபோது வந்தது. "தென்னங்குருத்து கத்தரிச்ச மாதிரி விரியுது" என்று தட்டினார். முதலில் வந்து நின்றவை கத்தரிச் செடியின் குருத்து மற்றும் காய் துளைப்பான் பற்றிய துண்டுகள். கத்தரித்தல் கத்தரிக்காய் ஆகிவிட்டது. குருத்து என்ற சொல்லும் இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால் பொருத்தம் கூடிவிட்டது. அவருக்கு வேண்டிய துண்டு பதினான்காம் இடத்தில் கிடந்தது. அதில் இருந்த வாக்கியம் இது: "காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைத் துளைத்து உண்பதால், ஓலை விரியும்போது முக்கோண வடிவில் சீராக வெட்டப்பட்டதுபோல் காணப்படும்." கேட்டவரும் எழுதியவரும் ஒரே ஓலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் பேசுகிறார், மற்றவர் எழுதுகிறார். மூன்று நான்கு சொற்களில் ஒரு குறையைச் சொல்லும் பேச்சு, நோயின் பெயர், அறிகுறி, மருந்து என்று விரித்து எழுதும் கையேட்டுப் பத்தியின் அருகே போய் விழ வேண்டும் என்று நாம் எம்பெடிங் மாதிரியிடம் எதிர்பார்க்கிறோம்.

இந்த இடைவெளிக்குத்தான் ஹைட் என்ற முறையை முயன்று பார்த்தேன். லூயூ காவ், சூகுவாங் மா, ஜிம்மி லின், ஜேமி கேலன் ஆகியோர் 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தது அது. கேள்வியை நேராக வெக்டராக்காமல், முதலில் ஒரு மொழி மாதிரியைக் கொண்டு அக்கேள்விக்கான விடைப் பத்தி ஒன்றைக் கற்பனையாக எழுத வைத்து, அந்தப் பத்தியை வெக்டராக்கித் தேட வேண்டும். அப்போது கேள்விக்கும் ஆவணத்துக்கும் இடையிலான ஒப்பீடு, ஆவணத்துக்கும் ஆவணத்துக்கும் இடையிலான ஒப்பீடாக மாறிவிடுகிறது. 'இந்தக் கேள்விக்கு இந்தப் பத்தி பொருந்தும்' என்று யாரும் குறித்துத் தராத நிலையிலும் எம்பெடிங் மாதிரிகள் இந்த இரண்டாம் வகை ஒப்பீட்டை ஓரளவு கற்றிருக்கின்றன. அவர்கள் பயன்படுத்திய கான்ட்ரீவர் அப்படிப்பட்டதுதான். நான் எடுத்துக்கொண்ட ஈ5 கேள்வி–பத்தி இணைகளைக் கொண்டும் பயிற்சி பெற்றது என்பதால், எனக்குப் பலன் குறைவாகவே இருக்கும் என்று எண்ணியபடிதான் தொடங்கினேன்.

மடிக்கணினியில் ஓடும் ஒரு சிறிய மொழி மாதிரியிடம், கேள்விக்கு விடையாகக் கையேட்டு நடையில் ஐந்து வாக்கியங்கள் எழுதுமாறு கட்டளை அமைத்தேன். முதல் வரைவு இப்படி வந்தது: தென்னையின் குருத்தைக் காண்டாமிருக வண்டு தாக்குகிறது, விரியும் ஓலைகளில் வெட்டுக்காயங்கள் தெரியும், பாதிக்கப்பட்ட குருத்தை வெட்டி அகற்றி எரித்துவிட வேண்டும். இதை வெக்டராக்கித் தேடியதில் சரியான துண்டு ஆறாம் இடத்துக்கு வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் இவ்வளவு ஒத்த பத்திக்கு ஆறாம் இடம் என்பது இடித்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிழை பிடிபட்டது. ஈ5 மாதிரிக்குக் கேள்விகளின் முன்னால் `query: ` என்றும், ஆவணங்களின் முன்னால் `passage: ` என்றும் சேர்த்துத் தர வேண்டும். என் பழைய நிரல் உள்ளே வருவது எதுவாயினும் கேள்வி என்று எண்ணி, கற்பனைப் பத்திக்கும் `query: ` ஒட்டிக்கொண்டிருந்தது. ஆவணமாக்குவதற்காகவே எழுதிய ஒன்றை மறுபடியும் கேள்வி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். முன்னொட்டை மாற்றியதும் துண்டு இரண்டாம் இடத்துக்கு வந்தது. பிழைச் செய்தி எதுவும் காட்டாத தவறு இது; கையேட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கற்பனை வரைவின் இடத்தில் வைத்துத் தேடினால், அதே துண்டு ஏறக்குறைய 1 என்ற முழுப் பொருத்த மதிப்பெண்ணுடன் முதலில் வரவேண்டும். எனக்கு அது 1-க்குத் தெளிவாகக் குறைந்து வந்ததுதான் துப்பு.

குருத்தை வெட்டச் சொன்ன வரியை நான் கவனிக்கவில்லை. சோதனைக்காக வரைவையும் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன், அதைப் படித்த சித்தப்பா, "குருத்த வெட்டினா மரமே போயிருமேடா, யாரு எழுதுனது இத?" என்றார். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதை வெட்டினால் மரம் பட்டுப்போகும். ஆனாலும் அந்த வரைவுதான் சரியான துண்டைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தத் துண்டிலோ, வண்டைக் கம்பியால் குத்தி வெளியே எடுக்கவும், வேப்பங்கொட்டைத் தூளை மணலுடன் கலந்து ஓலை இடுக்குகளில் இடவும், எருக்குழியில் புழுக்களை அழிக்கவும் வழி சொல்லியிருந்தது. பத்தி எதைப் பற்றியது, எந்த நடையில் பேசுகிறது என்பதையே வெக்டர் பெரிதும் சுமக்கிறது. பரிகாரம் சரியா தவறா என்பது அந்த 768 எண்களில் அவ்வளவாகப் படிவதில்லை. அன்றே வரைவைத் திரையிலிருந்து நீக்கினேன். தேடி முடித்ததும் அது அழிந்துவிட வேண்டும். வாசகருக்குக் கிடைப்பது கையேட்டின் சொந்த வாக்கியங்களாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஒரே வரைவை நம்புவதில் உள்ள ஆபத்து அடுத்த வாரம் தெரிந்தது. மொழி மாதிரி ஒவ்வொரு முறையும் சற்று வேறாக எழுதும். அதே கேள்விக்கு ஒருமுறை சிவப்புக் கூன்வண்டு என்று எழுதிவிட்டது. கூன்வண்டு தண்டைக் குடையும் பூச்சி. தேடலும் தண்டில் துளைகள், பழுப்பு நிறச் சாறு வடிதல் என்ற துண்டுகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. மூலக் கட்டுரையினர் எட்டு வரைவுகளை எழுத வைத்து, அவற்றின் வெக்டர்களோடு கேள்வியின் வெக்டரையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். என் கணினிக்கு எட்டு அதிகம், நான்கில் நிறுத்திக்கொண்டேன்.

```python
def hyde(kelvi, varaivugal):
    t = ["passage: " + v for v in varaivugal]
    t.append("query: " + kelvi)
    e = model.encode(t, normalize_embeddings=True)
    m = e.mean(axis=0)
    return m / np.linalg.norm(m)
```

சராசரி எடுக்கும்போது, நான்கு வரைவுகளிலும் பொதுவாக இருக்கும் தென்னை, குருத்து, வண்டு, வெட்டுப்பட்ட ஓலை ஆகியவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஒன்றில் மட்டும் வந்த கூன்வண்டும் ஒன்றில் மட்டும் வந்த மருந்தின் அளவும் கரைந்துபோகின்றன. சித்தப்பாவின் கேள்விக்கு உரிய துண்டு முதலிடம் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

கட்டளையை மெருகேற்றுவதில் ஒரு முறை சறுக்கினேன். நடை நன்றாகப் பொருந்தட்டும் என்று கையேட்டிலிருந்து ஒரு மாதிரிப் பத்தியைக் கட்டளையோடு இணைத்தேன். அது நெல் குலைநோய் பற்றிய பத்தி. நடை அழகாக வந்தது. கூடவே நெல்லும் வந்தது. வாழை இலையைப் பற்றிக் கேட்டாலும் எங்காவது ஒரு வரியில் நாற்றங்கால் தலைகாட்டியது. நான்கு வரைவிலும் அதே கறை இருந்ததால் சராசரியால் அதைப் போக்க முடியவில்லை. மாதிரிப் பத்தியை எடுத்துவிட்டு, வாழ்த்தோ வரிசை எண்களோ வேண்டாம், தொடர்ச்சியான பத்தியாக எழுது என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

இம்முறை தோற்கும் இடமும் ஒரு கேள்வியில் துலக்கமாகத் தெரிந்தது. "ஆயிரங்காய்ச்சி நடலாமா?" என்பது கேள்வி. ஆயிரங்காய்ச்சி என்பது சிறு காய்களைக் குலைகுலையாகத் தரும் ஒரு நெட்டைத் தென்னை வகை. மொழி மாதிரிக்கு அது தெரியவில்லை. சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டு, அதிகக் காய்கள் பெறத் தேவையான உரமிடலைப் பற்றி நான்கு வரைவுகளையும் எழுதித் தள்ளியது. தேடலில் யூரியாவும் பொட்டாஷும் வந்தன. அந்த வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே துண்டு, நேரடித் தேடலில் இரண்டாவதாக வந்திருந்தது, இப்போது முதல் பத்திலேயே இல்லை. வரைவுகள் தமக்குள் முரண்பட்டால் மாதிரிக்கு விஷயம் தெரியவில்லை என்று கொள்ளலாம் என நினைத்திருந்தேன். இங்கே நான்கும் ஒத்த குரலில் தவறின, ஆகவே அந்த அளவுகோல் பயன்படவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தும் கண்டுகொள்ள முடியாது. ஈ5 தரும் மதிப்பெண்கள் பெரும்பாலும் 0.7-க்கும் 1-க்கும் இடையிலேயே நெருங்கி நிற்பவை. டிராகன் பழத்தைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லாதபோதும் 0.85 வந்தது.

ஆகவே வேறு வழியில் போனேன். கேள்வியில் உள்ள ஒரு சொல், துண்டுகளில் மிகச் சிலவற்றில் மட்டும் வருமானால் அது பெரும்பாலும் ஒரு பெயர். அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கற்பனை வரைவே எழுதாமல், சொல் தேடலும் நேரடி வெக்டர் தேடலும் மட்டும் நடக்கும். "ஆயிரங்காய்ச்சியில்", "ஆயிரங்காய்ச்சிக்கு" என்று வேற்றுமை ஏறி வருவதால், முழுச் சொல்லை ஒப்பிடாமல் முதல் ஆறு எழுத்துகளை ஒப்பிடுகிறேன். முரட்டு வைத்தியம்தான், முறையான சொற்பகுப்பி இருந்தால் நல்லது.

நேரம்தான் இன்னும் உறுத்துகிறது. நேரடித் தேடல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. நான்கு வரைவுகளுக்கு என் கணினி முக்கால் நிமிடம் எடுக்கிறது. இப்போது நேரடித் தேடலின் முடிவுகளை உடனே காட்டிவிட்டு, அவற்றின் கீழே ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். வந்தது சரியில்லை என்றால் சித்தப்பா அதை அழுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார்; திரும்பி வரும்போது வண்டு வந்திருக்கிறது.