652 விலைகள், ஒரு ராத்திரி

செப்டம்பர் 16, 2025

வரும் 22ஆம் தேதி திங்கட்கிழமை முதல் ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி மாறுகிறது. வரி நீங்கலாக 1,000 ரூபாய் வரைக்கும் இருந்த 5 சதவீதம் இனி 2,500 வரைக்கும் வரும், அதற்கு மேல் போனால் 12க்குப் பதில் 18. எங்கள் ஆன்லைன் கடை வூகாமர்ஸில் ஓடுகிறது, வரி சேர்த்த விலையைத்தான் காட்டுகிறோம். அதனால் நடுத்தர விலைச் சரக்கு எல்லாம் குறைய வேண்டும், விலை அதிகமான செட்டுகள் ஏற வேண்டும். 1,680க்கு விற்ற குர்த்தி 1,575 ஆகும், 3,360க்கு விற்ற செட் 3,540 ஆகும். கையால் ஒவ்வொன்றாக மாற்றினால் இரண்டு நாள் பிடிக்கும், ஆகவே சிஎஸ்வி வழியாக மொத்தமாகத்தான்.

செப்டம்பர் 19

இன்றைக்கு ஒத்திகை. Products பக்கத்தில் Export கொடுத்தால் எல்லா நெடுவரிசையோடும் ஒரு கோப்பு வருகிறது, எங்களுக்கு 748 வரிசை. அதில் 96 வரிசையில் விலை காலி. பதறத் தேவையில்லை, அவை அளவு வாரியாகப் பிரியும் பொருட்களின் தாய் வரிசை. விலை கீழே உள்ள S, M, L வரிசைகளில்தான் இருக்கும். மீதி 652தான் மாற்ற வேண்டியவை.

இறக்கிய கோப்பை நான் நேராகத் திறப்பதே இல்லை. ஒரு நகல் எடுத்து நகலில்தான் வேலை, அசலை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுவேன். விரிதாளில் திறந்து சேமித்தாலே 0412 என்கிற எஸ்கேயூ 412 ஆகிவிடும், MAR1 என்று வைத்திருந்தால் தேதியாகிவிடும். (மரபணு ஆய்வாளர்களுக்கே இந்தத் தொல்லை இருந்தது, MARCH1 என்ற மரபணுவின் பெயரை 2020இல் MARCHF1 என்று மாற்ற வேண்டியதாயிற்று.) அதனால் ஏற்றும் கோப்பில் எஸ்கேயூவே கிடையாது. `ID`, `Type`, `Parent`, `Regular price`, இந்த நான்கு மட்டும். அடையாளம் காண முதல் மூன்று, மாறுவது கடைசி ஒன்று.

மூன்று பொருளை மட்டும் எடுத்து, Update existing products என்பதை டிக் செய்து ஏற்றினேன். மாறியது. பிறகு பழைய விலையோடு இன்னொரு கோப்பு செய்து ஏற்றிப் பழையபடி வருகிறதா என்றும் பார்த்தேன். வந்தது. திருப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

செப்டம்பர் 21, இரவு

11:40க்குப் புதிதாக முழு சிஎஸ்வி ஒன்று இறக்கினேன், 19ஆம் தேதி எடுத்தது இந்த வேலைக்கு உதவாது. கூடவே முழு டேட்டாபேஸும்:

```
wp db export 2025-09-21-2340.sql
```

விலை எல்லாம் கணக்குப் போட்டு முடித்து, வரிசை எண்ணிக்கை 652, விலைகளின் கூட்டுத்தொகை சரி என்று பார்த்துவிட்டு 12:20க்கு ஏற்றினேன். 652 பொருள் புதுப்பிக்கப்பட்டது என்று வந்தது. படுக்கப் போகிறேன்.

செப்டம்பர் 22

காலை 7:40க்கு அண்ணன் பேக்கிங் அறையிலிருந்து கூப்பிட்டார். "கண்ணு, அந்த மூவாயிரத்துச் சொச்சம் செட்டு 630 ரூவாய்க்குப் போயிருக்குது, வந்து பாரு."

வயிற்றைக் கலக்கியது. ஓடிப்போய் பத்துப் பக்கம் திறந்தேன், பத்திலும் விலை இடம் மாறிக் கிடந்தது.

முதலில் கடையை நிறுத்தினேன். Settings போய் Site visibility, அதில் Coming soon, கடைப் பக்கங்களுக்கு மட்டும். இனி தப்பான விலையில் ஒரு ஆர்டரும் வராது என்றான பிறகுதான் காரணம் தேட உட்கார்ந்தேன். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. ராத்திரி, எது அதிக விலை என்று பார்க்க விலை நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று அது கேட்கும், நான் வேண்டாம் என்று கொடுத்திருக்கிறேன். ஐடி எல்லாம் அதே இடத்தில், விலை மட்டும் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டது. எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் மாறவே மாறாது, அதுதான் என்னை ஏமாற்றியது.

அண்ணன், "முழு பேக்கப்பும் இருக்குதே, அப்படியே போட்டுரு" என்றார். போடக் கூடாது. ராத்திரியிலிருந்து ஆறு ஆர்டர் வந்திருக்கிறது, 11:40 டேட்டாபேஸை மேலே போட்டால் அந்த ஆறும் காணாமல் போகும், பணம் கட்டியவர்கள் விவரமும் போகும். சரி, முழு சிஎஸ்வியை ஏற்றலாமா? அதுவும் ஆகாது. அதில் `Stock` நெடுவரிசை இருக்கிறது. நீல அஜ்ரக் குர்த்தி M அளவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, காலை ஆறு மணிக்கு விற்றுவிட்டது. பழைய கோப்பை ஏற்றினால் அது மறுபடி 1 என்று உயிர்பெற்று, இல்லாத துணியை இன்னொருவருக்கு விற்போம். ஆகவே கெட்டது விலை மட்டும் என்றால் திருப்புவதும் விலை மட்டும்.

திருப்புவதற்கு முன், கெட்டுப்போன நிலையையும் ஒரு பேக்கப் எடுத்தேன். திருப்பும்போது இன்னொன்று தப்பினால் திரும்பி வர ஒரு இடம் வேண்டும்.

```
wp db export 2025-09-22-0805.sql
```

அப்புறம் 11:40 சிஎஸ்வியின் நகலிலிருந்து அதே நான்கு நெடுவரிசையை மட்டும் வெட்டி ஏற்றினேன். உடனே மறுபடி Export செய்து பழையதோடு ஐடி வாரியாக ஒப்பிட்டேன். 652 வரிசையிலும் விகிதம் 1. ஆனாலும் பக்கத்தில் தப்பு விலையே தெரிந்தது, அது பக்கக் கேஷ். அதைக் காலி செய்து, Status பக்கத்தில் Tools போய் வூகாமர்ஸின் தற்காலிகச் சேமிப்பையும் துடைத்து, பிரைவேட் சன்னலில் பார்த்தபோதுதான் சரியாக வந்தது.

கடையைத் திறக்கவில்லை, பழைய வரியோடு விலை காட்டக் கூடாது. மறுபடி புது விலை போட்டு, இந்த முறை கூட்டுத்தொகையை நம்பாமல் வரிசைக்கு வரிசை சோதித்தேன், பழைய விலையை `old` என்ற தாளில் வைத்து:

```
=D2/VLOOKUP(A2,old!A:D,4,FALSE)
```

12இலிருந்து 5க்குப் போனால் 1.05ஐ 1.12ஆல் வகுக்க 0.9375. 18க்கு ஏறினால் 1.0536. மாறாதது 1. ரூபாய்க்கு முழுமையாக்கியதில் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும், மற்றபடி இந்த மூன்றைத் தவிர வேறு எண் வரவே கூடாது. ராத்திரிக் கோப்பில் இதைப் போட்டுப் பார்த்தேன், அந்த 630 ரூபாய் செட் 0.1875 என்று நின்றது. ராத்திரியே இதைப் போட்டிருந்தால் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

10:15க்குக் கடை திறந்தது.

செப்டம்பர் 24

அந்த ஆறு ஆர்டரிலும் வாங்கிய விலை அப்படியே இருக்கிறது. ஆர்டர் தன் விலையைத் தனியாக வைத்துக்கொள்ளும், பொருளின் விலையைத் திருப்பினாலும் அது மாறாது. நான்கு பேர் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள், வித்தியாசத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். குறைவாகக் கட்டிய இருவருக்கு அண்ணி போன் செய்து பேசினார். ஒருவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 630 கட்டிய அம்மா, கல்யாணத்துக்கு வேண்டும் என்று மீதியைக் கட்டியே செட்டை வாங்கிக்கொண்டார், நேற்று மாலை பார்சல் கிளம்பியது.

இரண்டு டேட்டாபேஸ் கோப்பையும் தீபாவளி முடியும் வரை வைத்திருக்கப் போகிறேன். ஒத்திகைக் கோப்பை மட்டும் அழித்தேன், அவசரத்தில் கை அதன்மேல் போய்விடக் கூடாது.