மூலத்திற்கு ரப்பர் வளையம்: ஆறு வார நாட்குறிப்பு

மார்ச் 4

மலம் கழிக்கும்போது சிவந்த இரத்தம் சொட்டுவதும், முக்கும்போது ஏதோ வெளியே வந்து தானாகவே உள்ளே போவதும் எனக்கு ஓராண்டாக இருந்து வருகின்றன. இது இரண்டாம் நிலை உள் மூலம் என்று மருத்துவர் சொன்னார். இரத்தம் மூலத்திலிருந்துதான் வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது என்பதால், பெருங்குடலை அவர் ஏற்கெனவே கேமரா குழாயால் பார்த்துவிட்டார். நாளை மறுநாள் ரப்பர் வளையம் போடுகிறார்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறேனா என்று இரண்டு முறை கேட்டார். வளையம் போடும் நேரத்தில் இரத்தம் அவ்வளவாக வராது. ஒரு வாரம் கழித்து வீட்டில் இருக்கும்போதுதான் வரக்கூடும் என்பதே அவர் கவலை. ரப்பர் ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டார். இருந்தால் அந்த ரப்பர் வளையத்தையே போட முடியாதாம்.

மார்ச் 6

இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லை. புரோக்டோஸ்கோப் என்னும் குட்டைக் குழாய் உள்ளே போனபோது அழுத்தம் தெரிந்தது. வளையமிடும் கருவி மூல முடிச்சின் மேற்பகுதியை உறிஞ்சி இழுத்துக்கொண்டது. கருவியின் முனையில் விரித்து மாட்டியிருந்த சிறு ரப்பர் வளையம் நழுவி, அந்தத் திசுவின் அடியை இறுக்கியது. இரத்த ஓட்டம் நின்ற திசு சில நாட்களில் காய்ந்து உதிரும். அங்கே ஏற்படும் புண் ஆறித் தழும்பாகும்போது, தளர்ந்து தொங்கும் சவ்வு அடியிலுள்ள சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் வளையத்தில் மந்தமான அழுத்தம் மட்டுமே இருந்தது. இரண்டாவது விழுந்ததும் கூர்மையான வலி எழுந்தது. "அழுத்தமா, குத்துவது போலா?" என்று கேட்டார். குத்துகிறது என்றதும், சிறு கொக்கியால் அந்த வளையத்தை அறுத்தெடுத்து, சற்று மேலே வேறொன்றைப் போட்டார், வலி நின்றுவிட்டது.

ஆசனவாயிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. உள்ளே, பல் பல்லாக ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. அதற்குக் கீழே தோலைப் போலவே வலி உணரும் நரம்புகள் உள்ளன. மேலே உள்ள சவ்வுக்கோ அழுத்தமும் கனமும்தான் தெரியும். வளையம் அந்தக் கோட்டுக்கு நன்கு மேலே விழ வேண்டும். வெளி மூலத்திற்கு இந்தச் சிகிச்சை பொருந்தாததும் இதனால்தான். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், திசு வீங்கிய பிறகு வளையத்தை எடுப்பது கடினமாகியிருக்கும். சொன்னது நல்லதாயிற்று.

மார்ச் 7

மலம் வந்து நிற்பது போன்ற உணர்வு நாள் முழுவதும் இருக்கிறது. அது மலமன்று, வளையத்தில் சிக்கி வீங்கியிருக்கும் திசு. உடல் முக்கச் சொல்கிறது, முக்கக் கூடாது. இரண்டு முறை வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தேன்; பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. ஆஸ்பிரின் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 9

கனம் குறைந்துவிட்டது. நார்ச்சத்துத் தூளாலும் நிறையக் குடித்த தண்ணீராலும் மலம் இளகியே போனது. மருத்துவமனையில் கொடுத்த தாளில் ஒரு பத்திக்கு மட்டும் அடிக்கோடு இட்டிருக்கிறார்கள்: வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே வர வேண்டும். இடுப்புக்குள் கிருமித்தொற்று பரவுவது மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. இந்த மூன்றும் அதன் அறிகுறிகள். வீட்டாரிடமும் அதைப் படித்துக் காட்டினேன்.

மார்ச் 14

எட்டாம் நாள். காலையில் மலத்தோடு இரண்டு மேசைக்கரண்டி அளவு சிவந்த இரத்தம் வந்தது. திசு உதிர்ந்திருக்க வேண்டும். வளையம் கண்ணில் படவில்லை, பலருக்கும் படுவதில்லையாம். வலி முழுவதும் அடங்கிய பிறகு இரத்தத்தைப் பார்ப்பதால், சிகிச்சை தோற்றுவிட்டதென்றே மனம் முதலில் எண்ணுகிறது. அரை மணி நேரம் படுத்திருந்து கவனித்தேன், மேற்கொண்டு வரவில்லை. கட்டியாகவோ நிற்காமலோ வந்தாலும், தலை சுற்றினாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மார்ச் 17

நேற்றும் இன்றும் துடைத்த தாளில் இளஞ்சிவப்புக் கறை மட்டுமே. வேலைக்கு இரண்டாம் நாளே திரும்பிவிட்டாலும், பாரம் தூக்குவதை இன்னும் தவிர்க்கிறேன்.

ஏப்ரல் 17

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. வளையமிட்ட இரண்டு இடங்களும் ஆறிவிட்டன. எதுவும் வெளியே இறங்குவதில்லை. வலப்பக்கத்தில் தொடாமல் விட்ட மூன்றாவது முடிச்சிலிருந்துதான் எப்போதாவது ஒரு துளி வருகிறது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கட்டினால் வலி கூடும் என்பதால் அதை விட்டுவைத்திருந்தார். அதற்கான வளையத்தை அடுத்த வாரம் போடுகிறார்.