அதிகாரி பேசுவது போல இருக்க வேண்டும்

புதிய பொருளின் அறிமுகச் செய்திக்குறிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது விலை, விவரம், விற்பனைக்கு வரும் தேதி எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். இழுத்தடிப்பவை மேற்கோள்கள்தான். பெரும்பாலும் அவை அந்த அதிகாரி வாயால் சொன்னவையே அல்ல. மக்கள் தொடர்புப் பிரிவில் யாரோ எழுதி, சட்டப் பிரிவு பார்த்து, கடைசியில் அவர் தலையசைத்தவை. மூலமே பேச்சாக இல்லாதபோது தமிழில் அதைப் பேச்சாக்குவது நம் தலையில் விழுகிறது.

ஓர் இயர்போன் அறிமுகத்துக்கு என்னிடம் திருத்த வந்த வரைவு இது: “எங்களது பத்தாண்டு கால ஆராய்ச்சியின் அடிப்படையில் உருவாக்கப்பட்டதும், வாடிக்கையாளர்களின் மாறிவரும் தேவைகளைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டதும், 30 மணி நேரம் வரை இயங்கக்கூடியதுமான இந்தத் தயாரிப்பை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், பாதியிலேயே திணறும். ஆங்கிலத்தில் பொருளின் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் தொங்கும். தமிழில் விளக்கமெல்லாம் பெயருக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். எதைப் பற்றிய பேச்சு என்பதே கடைசியில்தான் தெரியும். கூடவே ‘உருவாக்கப்பட்ட’, ‘வடிவமைக்கப்பட்ட’ என்று செய்தவரே காணாமல் போய்விடுகிறார். செய்தது நாங்கள் என்று சொல்லத்தானே மேற்கோளே!

இப்படி மாற்றினேன்: “பத்து ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து இந்த இயர்போனை உருவாக்கியிருக்கிறோம். வாடிக்கையாளர்களின் தேவைகள் மாறிக்கொண்டே வருகின்றன. அதை மனத்தில் வைத்துத்தான் வடிவமைத்தோம். இது 30 மணி நேரம் வரை இயங்கும். இதை அறிமுகப்படுத்துவதில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி.”

பேச்சுபோல என்றால் கொச்சையாக என்று அர்த்தமில்லை. ‘உருவாக்கியிருக்கோம்’ என்று எழுதினால் செய்தித்தாள் ஆசிரியர் மேசையில் திருத்திவிடுவார்கள். எழுத்து வடிவம் அப்படியே இருக்கட்டும், வாக்கியத்தின் நீளமும் வினையும் மட்டும் பேச்சுக்கு வந்தால் போதும்.

அந்த ‘வரை’யில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஓசைக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்டால் 30 மணி நேரம் என்பது உத்தரவாதமாகிவிடும். மூலம் சொல்லாத வாக்குறுதியை அதிகாரி வாயில் வைத்த மாதிரி.

யார் சொன்னது என்பதை மேற்கோளுக்கு முன்பே சொல்லிவிடுவேன்: ‘இதுகுறித்து நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கூறியதாவது’. ‘என்று அவர் தெரிவித்தார்’ என்பதைக் கடைசி வரிக்குத் தள்ளினால், இடம் போதாமல் செய்தியை வெட்டும்போது பேசியவரும் சேர்ந்து போய்விடுவார்.

அப்புறம் ஒப்புதல். வாக்கியங்களைப் பிரித்ததைப் பார்த்து, எதையோ விட்டுவிட்டோமோ என்று செய்திக்குறிப்பைத் தந்த நிறுவனம் பதறும். அதனால் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்திலேயே அதன் நேர்ப்பொருளை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். சட்டப் பிரிவுக்கு அது போதுமானதாக இருக்கிறது.