வில்லங்கம் இல்லை, ஆனாலும் 2 தங்கைகள் இருந்தார்கள்

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 20 சென்ட் பனங்காடு விலைக்கு வந்தது. கருவேலம் மண்டிக் கிடந்தாலும் மண் மேடு, மழைக்குத் தண்ணீர் நிற்காது. அப்பா அம்மாவுக்கு அங்கே ஒரு சின்ன வீடு கட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விற்பவர் 2009இல் வாங்கியவர். அவருக்கு விற்றவர் 1994இல் வாங்கியவர். இருவர் பத்திரமும் பதிவானவை, பட்டாவும் சரியாக மாறியிருந்தது. இணையத்தில் 1975 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று எடுத்தேன். இரண்டு கிரயங்கள்தான் வந்தன. அடமானமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ராமநாதபுரத்தில் நான் பார்த்த வக்கீல் அம்மா அந்தச் சான்றை ஓரமாக வைத்துவிட்டு, 1994 பத்திரத்தின் நகலை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். "எனது தகப்பனார் காலம் தொட்டு எனக்குப் பாத்தியமாகி, எனது சுவாதீன அனுபவத்தில் இருந்து வரும்" என்று எழுதியிருந்தது. "தகப்பனாருக்கு இது எப்படி வந்தது? அவரிடமிருந்து இவருக்கு எப்படி வந்தது? ரெண்டுக்குமே பத்திர எண் இல்லை பாருங்க" என்றார். 2009 பத்திரத்தில் முந்தைய கிரயத்தின் எண்ணும் வருடமும் தெளிவாக இருந்தன. 1994இல் மட்டும் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வில்லங்கச் சான்றில் வருவது அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்கள் மட்டுமே. ஒருவர் இறந்து சொத்து வாரிசுகளுக்குப் போவது எந்தப் பத்திரமும் இல்லாமல் தானாக நடக்கிறது. அதனால் அது சான்றில் வராது. வாய்மொழிப் பாகமும் வராது. உயில் பதிவாகியிருந்தால்கூட அது வேறு புத்தகத்தில் இருக்கும். உரிமைத் தொடர் பெரும்பாலும் அறுபடுவது இந்த இடங்களில்தான்.

"பட்டா 1980களிலேயே, 1994இல் வித்த அந்த மகன் பேருக்கு இருக்கே?" என்று கேட்டேன். யூ.டி.ஆர். காலத்தில் பட்டாக்களைத் திருத்தி எழுதியபோது, நிலத்தில் நின்றவர் பெயரை, பெரும்பாலும் மூத்த மகன் பெயரை, மட்டும் எழுதிய ஊர்கள் நிறைய உண்டு என்றார். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அது உரிமை தரும் ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதையும் எடுத்துச் சொன்னார்.

சரி, 1975க்கு முன்னால் போகவேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1955 முதல் 1974 வரை கையால் தேடித் தரும்படி மனுப் போட்டேன். இதில் ஒரு தவறு செய்தேன். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன், வில்லங்கம் இல்லை என்று வந்தது. அந்தக் காலத்தில் உட்பிரிவே ஆகவில்லை, முழுப் புலமும் ஒரே எண்ணில் இருந்தது. தாய் எண்ணைப் போட்டு மறுபடி மனுக் கொடுத்ததும் 1962 கிரயம் ஒன்று கிடைத்தது. வாங்கியவர் அந்தத் தகப்பனார்தான். நகல் எடுத்துப் பார்த்தேன். நான்கு எல்லையில் கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவருக்கு விற்றவர், ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு செட்டில்மென்ட்டில் பட்டா பெற்றவர் என்றும் எழுதியிருந்தது. எங்கள் பக்கம் முழுக்க சமஸ்தான ஜமீனாக இருந்த நிலம். கோயில், தர்கா மானியங்களும் நிறைய உண்டு. அதனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வக்கீல் அம்மாவுக்கு நிம்மதி.

மிச்சம் இருந்தது 1962க்கும் 1994க்கும் நடுவில் உள்ள இடைவெளி. அதைக் காகிதத்தில் தேடிப் பயனில்லை. பக்கத்துக் காட்டில் பனை ஏறும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவருக்கு ஒரே மகன்தானே ஐயா?" என்று கேட்டதும், "மகன் ஒண்ணுதான் தம்பி. பொம்பளப் புள்ளை ரெண்டு உண்டுல்ல. பெரியதைத் தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தாக, சின்னது பாம்பன்ல இருக்கு" என்றார்.

தகப்பனார் 1978இல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். நிலம் அவர் சுயமாக வாங்கியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பெண்களுக்குப் பங்கு 1989க்குப் பிறகுதான் என்று பலர் சொல்வார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு. 1986இல் தாயும் இறந்தபோது அவருடைய கால் பங்கு மூவருக்கும் பிரிந்தது. ஆக, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1994இல் அந்த மகன் 20 சென்ட்டுக்குப் பத்திரம் எழுதினார், ஆனால் அவரால் விற்க முடிந்தது 6 சென்ட்டும் சொச்சமும்தான். அதற்குப் பின் வந்த 2009 பத்திரத்திலும் கைமாறியது அவ்வளவே.

"30 வருஷம் ஆச்சு, இனி யார் கேட்கப்போறா?" என்றார் தரகர். பிறர் பங்கைப் பல வருடம் வெளிப்படையாக அனுபவித்ததாலேயே அது தனதாகிவிட்டது, அதாவது எதிரிடை அனுபவம், என்று வாதாட வழி உண்டு என்பதை வக்கீல் அம்மாவும் மறுக்கவில்லை. ஆனால் வேலி இல்லாமல், கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தில் அத்தனை வருடம் அனுபவித்ததை எதை வைத்து நிரூபிப்பது? அதை நிரூபிக்கும் பாரத்தைப் பணம் கொடுத்து நான் ஏன் வாங்கவேண்டும்?

தரகர் இன்னொரு வழியும் சொன்னார், தங்கைகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று. போதாது. சாட்சி போடுபவர் தன் பங்கை எழுதிக் கொடுப்பதில்லை. தங்கைகளும் எழுதிக்கொடுப்பவர்களாகவே பத்திரத்தில் சேரவேண்டும். விற்பவர் முதலில் கோபப்பட்டார். அவரும் ஏமாந்தவர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதம் பேசி, மொத்த விலையை மாற்றாமல் அதில் ஒரு பகுதியைத் தங்கைகள் தரப்புக்குத் தர ஒப்புக்கொண்டார். மூத்தவர் இறந்துவிட்டதால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கினோம். கணவரும் இல்லை, ஒரு மகள், ஒரு மகன். மகன் குவைத்தில் இருந்தார். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினார். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். நாங்கள் அடுத்த வாரமே கட்டிவிட்டோம்.

பாம்பனுக்கு இளைய தங்கையைப் பார்க்க நானே போனேன். எழுபதைத் தாண்டிய அம்மா. தனக்குப் பங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. நான் கொண்டுபோன 1962 பத்திர நகலைக் கையில் வாங்கி, "அப்பா கையெழுத்து இதுல இல்லையே" என்றார். வாங்கியவர் கையெழுத்து அந்தக் காலப் பத்திரத்தில் இருக்காது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். தாயார் கடைசிக் காலத்தில் இவரோடுதான் இருந்திருக்கிறார், அவர் கொண்டுவந்த பெட்டி அது. கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், மடிப்பில் கிழிந்து, மூலப்பத்திரம் இருந்தது. 1994இல் அண்ணன் பத்திர எண் எழுதாமல் விட்டதன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. அசல் அவர் கையில் இல்லவே இல்லை.

பதிவு நாளன்று அந்த அம்மா அதைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கைரேகை வைத்து முடித்ததும் என்னிடம் கொடுத்து, "பனையை வெட்டிராதீக" என்றார். ஓடை ஓரம் நிற்கும் 11 மரங்களையும் விட்டுத்தான் வீட்டுக்கு அளவு போட்டிருக்கிறோம்.