கீழ்த்தாடையின் கரும்பகுதி: பெயருக்கு முன் இடம்

இறுதியாண்டு பி.டி.எஸ். முடிவுகள் சென்ற வாரம் வந்தன. வாய் மருத்துவமும் கதிரியக்கவியலும் பாடத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் கிடைத்ததற்கு, படம் பார்த்துச் சொல்லும் வைவாவே காரணம் என்று நினைக்கிறேன். மதுரையில் என்னோடு படிக்கும் இளையவர்கள் அதைப் பற்றித் தொடர்ந்து கேட்பதால், தாடையில் தெரியும் கரும்பகுதிகளை, அதாவது ரேடியோலூசென்ட் மாற்றங்களை, நான் எந்த ஒழுங்கில் பார்த்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். எல்லா நோய்களையும் தொடப்போவதில்லை. தேர்வில் அடிக்கடி வைக்கப்படுவது கீழ்த்தாடையின் பின்பகுதியில், புதைந்த ஞானப்பல்லோடு சேர்ந்து தெரியும் பெரிய கரும்பகுதி என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குறை. நமக்குத் தரப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒற்றை அறை, பல அறை என்று இரண்டு பட்டியல்களாகப் பிரித்து, அவற்றின் கீழே இருபது பெயர்களை அடுக்கி முடித்துவிடுகின்றன. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் படத்தைக் கண்டவுடன் 'சோப்புக் குமிழி, ஆகவே அமெலோபிளாஸ்டோமா' என்று சொல்லிவிடுகிறார். ஓ.கே.சி. எனப்படும் ஓடொன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்டும் பல அறைகளாகத் தெரியலாம், அமெலோபிளாஸ்டோமாவும் ஒற்றை அறையாகத் தெரியலாம். எனவே அறைகளின் எண்ணிக்கையை நான் கடைசியில்தான் சொல்வேன். எதையும் வரிசையாகச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. படத்தைக் கண்டதும் விடை தோன்றிவிடும் கண் உடையவர்களுக்கு இந்த முறை மெதுவானதாகப் படலாம்.

நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் கரும்பகுதியின் மையம் எங்கே இருக்கிறது? கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்க்கு மேலே மையம் இருந்தால், அது பல் சார்ந்த திசுவிலிருந்து தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கால்வாய்க்குள்ளேயே இருந்து கால்வாய் அகன்றிருந்தால் நரம்பு அல்லது இரத்தக்குழாய் சார்ந்ததை எண்ண வேண்டும். கால்வாய்க்குக் கீழே இருந்தால் பல் சார்ந்ததாக இருப்பது அரிது. தாடைக் கோணத்துக்கு அருகே கால்வாய்க்குக் கீழே, தெளிவான வெண்கோட்டு விளிம்போடு, எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும் ஸ்டாஃப்னே குழியை இந்த ஒரு விதியாலேயே பிரித்துவிடலாம். புண் பெரிதாகி மேலும் கீழும் பரவியிருந்தால் மையத்தைக் கண்ணால் அளப்பது கடினம். அப்போது கால்வாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், புண் அதன் எதிர்ப்பக்கத்தில் தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

இனி ஒரு படத்தை முழுமையாகப் பார்ப்போம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த 24 வயது இளைஞர். இடது கீழ்த்தாடையில் லேசான வலி, முகத்தில் வீக்கம் ஏறக்குறைய இல்லை. ஓ.பி.ஜி.யில் ஞானப்பல்லான 38 முளைக்காமல், தாடைக் கோணத்தின் பக்கமாகக் கீழே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. 36இன் பின்வேரிலிருந்து தொடங்கி ரேமஸின் மேல்பகுதிவரை நீண்ட ஒரு கரும்பகுதி. விளிம்பு மெல்லிய வெண்கோடாக, அலையலையாக வளைந்து செல்கிறது. நரம்புக் கால்வாய் கீழ்நோக்கித் தள்ளப்பட்டுள்ளது. 36, 37 ஆகியவற்றின் வேர்கள் கரையவில்லை.

கால்வாய் கீழே போயிருப்பதால் தொடக்கம் மேலே, அதாவது பல் சார்ந்த பகுதியில். விளிம்பு தெளிவாக இருப்பதால் மெதுவாக வளர்ந்தது. எலும்பை அரித்துக்கொண்டு போகும் புற்றுநோயும், சிதைந்த விளிம்புடைய ஆஸ்டியோமையலைட்டிஸும் பின்னுக்குப் போகின்றன. மீதமிருப்பவை மூன்று: டென்டிஜெரஸ் சிஸ்ட், ஓ.கே.சி., அமெலோபிளாஸ்டோமா. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர்; இங்கேதான் நேரம் செலவழிக்கவும் வேண்டும்.

முதலில் கரும்பகுதியின் சுவர் பல்லில் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். டென்டிஜெரஸ் சிஸ்ட் எனாமலும் சிமென்ட்டமும் சந்திக்கும் கோட்டில் ஒட்டி, கிரவுனை மட்டும் சூழும். முளைக்காத பல்லின் கிரவுனைச் சுற்றியுள்ள இடைவெளி வழக்கமாக 2 முதல் 3 மி.மீ. இருக்கும், 5 மி.மீ.க்கு மேல் போனால்தான் சிஸ்ட் என்று ஐயுற வேண்டும். நம் படத்தில் சுவர் அந்தக் கோட்டைத் தாண்டி, வேரின்மேல் கீழே ஒட்டுகிறது. ஆகவே டென்டிஜெரஸ் சிஸ்டின் வாய்ப்பு குறைகிறது; முற்றிலும் விலகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, எந்தத் திசையில் வளர்ந்திருக்கிறது என்பது. ஓ.பி.ஜி. இதற்குப் போதாது. ஆக்லூசல் படம் கேட்க வேண்டும். கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் எலும்புத்தகடு எவ்வளவு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது என்பதை அது காட்டும். ஓ.கே.சி. எலும்பின் உள்ளே முன்னும் பின்னுமாக நீண்டு வளரும். அது தாடையில் பெரிய நீளத்தை எடுத்துக்கொண்ட பின்னும் வெளித்தகடு அதிகம் புடைப்பதில்லை. அமெலோபிளாஸ்டோமா இரு பக்கமும் புடைத்து வளரும், அருகிலுள்ள வேர்களைக் கத்தியால் வெட்டியதுபோல் கரைக்கும். இந்த இளைஞரின் ஆக்லூசல் படத்தில் கன்னப்பக்கத் தகடு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. அத்தனை நீளமும் இத்தனை சிறிய புடைப்பும் ஒன்றாக வரும்போது ஓ.கே.சி.யை முதலிடத்தில் வைப்பது நியாயம்.

வைவாவில் நான் சொன்ன வரிசை, சுருக்கமாக:

இடமும் மையமும், கால்வாய் தள்ளப்பட்ட திசை.
விளிம்பு.
பல்லோடு ஒட்டும் இடம்.
புடைப்பும் வேர்க்கரைவும்.
உள்ளமைப்பு, அறைகள்.
பிறகுதான் பெயர், அதுவும் வாய்ப்பின் வரிசையில் மூன்று பெயர்கள்.

தேர்வாளர் உடனே 'அமெலோபிளாஸ்டோமா ஏன் இல்லை?' என்று கேட்பார். 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. ஒற்றை அறை அமெலோபிளாஸ்டோமா, குறிப்பாக இளம் வயதினரில், டென்டிஜெரஸ் சிஸ்டைப்போலவே தெரியும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, திசுப்பரிசோதனைதான் முடிவு சொல்லும். இப்படிச் சொன்ன பிறகு என்னைப் பார்த்த தேர்வாளர், 'சரி, திசு எடுப்பதற்கு முன் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். விடை: ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது. இரத்தம் வேகமாக ஏறினால் இரத்தக்குழாய் சார்ந்த புண்ணாக இருக்கலாம். அதைக் கத்தியால் திறப்பது உயிருக்கே ஆபத்து. வைக்கோல் நிறத் திரவம் வந்தால் டென்டிஜெரஸ் சிஸ்ட் பக்கம் சாயலாம். கெட்டியான, வெண்மஞ்சள் நிறக் கெரட்டின் வந்தால் ஓ.கே.சி. அந்த இளைஞருக்கு வந்தது கடைசியாகச் சொன்னதுதான். ஊசியின் துவாரம் அடைபடும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. சீழ் கலந்திருந்தால் இந்த அடையாளங்கள் குழம்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்தையும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஓ.கே.சி.யைக் கட்டியாகக் கருதி வேறு பெயர் கொடுத்தது. 2017இல் மீண்டும் சிஸ்ட் வகைக்கே கொண்டுவந்தது. ஆனாலும் அறுவைக்குப் பின் மீண்டும் வரும் இயல்பு அதிகம் என்பதால் நெடுங்காலத் தொடர்கண்காணிப்பு தேவை.

ஒரே நபரின் தாடையில் இத்தகைய கரும்பகுதிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த இடத்தோடு நிறுத்தாதீர்கள். உள்ளங்கையில் சிறு குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மார்பு எக்ஸ்ரேயில் பிளவுபட்ட விலா எலும்பையும் மண்டையோட்டுப் படத்தில் ஃபால்க்ஸ் சுண்ணமேற்றத்தையும் தேடச் சொல்லுங்கள், தோலில் சிறு கட்டிகள் உண்டா என்று குடும்பத்தாரிடமும் கேளுங்கள். கார்லின் நோய்க்குறித்தொகுதி என்ற பெயரைத் தேர்வாளர் எதிர்பார்ப்பது அதன் பிறகுதான்.