மூலம் என்று நினைத்து ஓட்டிய ஏழு மாதம்

முதலில் ரத்தத்தைப் பார்த்தது பொங்கல் முடிந்த வாரம். பளிச்சென்ற சிவப்பில் இரண்டு சொட்டு. மூலம்தான் என்று நானே முடிவு செய்து, கருணைக்கிழங்கும் வெந்நீர்த் தொட்டியுமாக ஏழு மாதம் ஓட்டினேன். ஆடியில் ரத்தம் மலத்தோடு கலந்து, சளி போன்ற வழவழப்போடு வந்தது. அப்புறம்தான் குடல் மருத்துவரிடம் போனேன்.

விரல் விட்டுப் பார்த்தவர், “மூலம் இருக்கு” என்றார். எனக்கு நிம்மதி. எழுந்திருக்கும்போது, “வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய்?” என்றார்.

“அண்ணனுக்கு. 48 வயதில்.”

“உங்களுக்கு இப்போ?”

“41.”

“அப்போ மூணு வருஷம் தாமதம்.”

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு அறுபதுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்துகிறதோ அப்போதே, கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டுமாம். எனக்கு அது 38. அண்ணனுக்குக் கீமோ நடந்த ஆறு மாதமும் கூடவே இருந்தேன். இந்தக் கணக்கு என் காதில் விழவில்லை. மலத்தை லேபில் கொடுத்துப் பார்க்கலாமா என்றேன். அது கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேட. கண்ணாலேயே பார்த்தவருக்கு அது எதற்கு என்றார்.

கொலோனோஸ்கோபியைவிட, அதற்கு முன் குடலைக் கழுவக் குடிக்கிற பேதிப் பொடிதான் பாடு. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முந்தின நாள் மாலை ஒரு லிட்டர், விடிகாலை நாலு மணிக்கு இன்னொரு லிட்டர், கால்மணிக்கு ஒரு டம்ளர். எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர். ஒன்பதாவது முறை போனபோது வெளிர்மஞ்சளாக, கசடில்லாமல் வந்தது; அதுதான் குடல் சுத்தம் என்பதற்கு அடையாளம். விதை, கீரை வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். நான் முந்தாநாள் கொய்யா தின்றிருந்தேன். குழாய்க்குள் விதை சிக்கி, தண்ணீர் அடித்து அடித்துப் பார்க்க வேண்டியிருந்ததாம்.

மயக்கத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு படங்களைக் காட்டினார். நல்ல குடல் வெளிறிய இளஞ்சிவப்பு, நூல் நூலாக ரத்தநாளம். ஆசனவாய்க்கு மேலே, குடல் வளையும் இடத்தில் மட்டும் தண்டோடு ஒரு சிவந்த காளான்: 12 மில்லிமீட்டர் பாலிப், குடல் சுவரில் முளைக்கும் சதை. கம்பிச் சுருக்கைத் தண்டில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சி அங்கேயே அறுத்தெடுத்துவிட்டார்கள். மூலமும் இருந்தது, அதுவும் இருந்தது.

பயாப்சி வர ஒரு வாரம் ஆனது. அடினோமா, புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் பல வருடங்களில் அப்படி மாறக்கூடிய வகை. பத்து மில்லிமீட்டரைத் தாண்டியதால் மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

அன்றிரவே தங்கைக்குப் போன் போட்டேன். அவளுக்கு 37. “எனக்கு ரத்தமே வரலையே சின்னண்ணா” என்றாள். பெரும்பாலான பாலிப்புகள் ரத்தம் காட்டாமலே வளரும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பொடி குடிக்க எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்லவில்லை.