0.04-இல் நின்றுபோன லாஸ்: எம்எஸ்இயிலிருந்து கிராஸ் என்ட்ரபிக்கு மாறிய கதை

என் கைக்கு வந்த மாடலுக்கு இரண்டு வெளியீடுகள். பம்புகளில் பொருத்திய சென்சார் அளவீடுகளை வாங்கிக்கொண்டு, அடுத்த ஒரு வாரத்துக்குள் பேரிங் பழுதாகுமா ஆகாதா என்று ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு பேரிங்கின் வெப்பநிலை எவ்வளவு இருக்கும் என்று இன்னொன்று சொல்ல வேண்டும். முன்பு எழுதியவர் இரண்டுக்குமே மீன் ஸ்கொயர்டு எரர், அதாவது எம்எஸ்இயைத்தான் போட்டிருந்தார். பழுது வெளியீட்டில் ஒரு சிக்மாய்டு, அதன்மேல் எம்எஸ்இ.

பயிற்சி வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. பழுது லாஸ் சட்டென்று இறங்கி 0.04-இல் போய் நின்றது. எண் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் தரவில் பழுதான வரிசைகள் 4 சதவீதம்தான். எதைக் கேட்டாலும் ‘பழுதாகாது’, அதாவது 0 என்று சொல்லும் மாடலுக்கு எம்எஸ்இ சரியாக 0.04 வரும். உள்ளீட்டைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் 0.04 என்ற நிகழ்தகவைச் சொன்னால்கூட 0.04 × 0.96 = 0.0384 கிடைத்துவிடும். அந்த அளவுக்குக்கூட நம் மாடல் இறங்கவில்லை. அது கற்கவில்லை, பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏன் ஒட்டிக்கொண்டது என்று பார்க்க, சிக்மாய்டுக்குள் போகும் எண்ணை, அதாவது லாஜிட்டை அச்சிட்டுப் பார்த்தேன். நிஜமாகவே பழுதான ஒரு வரிசைக்கு அது -6 என்று இருந்தது. உள்ளீடுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கொடுத்திருந்ததால், தொடக்கத்திலேயே எல்லா லாஜிட்டுகளும் எதிர்ப் பக்கம் தூரமாகப் போய் விழுந்திருந்தன. -6-க்குச் சிக்மாய்டு தருவது 0.0025. உண்மையான விடை 1. அதாவது மாடல் ஏறக்குறைய முழுத் தப்பு. இப்போது அதைத் திருத்த லாஸ் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதுதான் கேள்வி.

மாடல் சொல்லும் நிகழ்தகவு p, உண்மையான விடை y என்று வைத்துக்கொள்வோம். எம்எஸ்இயை லாஜிட்டைப் பொறுத்து வகையிட்டால் `2(p-y)p(1-p)` வரும். அந்த `p(1-p)` சிக்மாய்டின் சரிவு. p பூஜ்யத்தை நெருங்கினாலும் ஒன்றை நெருங்கினாலும் அது செத்துப்போகும். நம் வரிசைக்குப் போட்டால் கிரேடியன்ட் சுமார் -0.005. கிராஸ் என்ட்ரபி என்பது சரியான விடைக்கு மாடல் தந்த நிகழ்தகவின் மடக்கையை எதிர்க்குறியோடு எடுப்பது. அதற்கு அதே வகையீட்டைச் செய்தால், மடக்கையின் வகையீட்டில் கீழே வரும் `p(1-p)` சிக்மாய்டின் சரிவோடு அடிபட்டு, வெறும் `p-y` மிஞ்சும். நம் வரிசைக்கு அது -0.9975. ஒரே தப்புக்கு 200 மடங்கு வித்தியாசம்! லாஜிட் -10 ஆக இருந்தால் எம்எஸ்இயின் தள்ளல் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். கிராஸ் என்ட்ரபியில் அப்போதும் ஏறக்குறைய 1.

அப்படியானால் லேர்னிங் ரேட்டைக் கூட்டினால் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எம்எஸ்இயில் மிகவும் தப்பாக இருக்கும் வரிசைக்குத்தான் மிகக் குறைந்த தள்ளல் கிடைக்கிறது, 0.5-க்குப் பக்கத்தில் தடுமாறும் வரிசைகளுக்கு நிறையக் கிடைக்கிறது. ரேட்டைக் கூட்டினால் ஓரத்தில் கிடப்பவை அசைவதற்குள் நடுவில் இருப்பவை தூக்கி எறியப்படும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிகழ்தகவுக்கு எம்எஸ்இ என்பது அர்த்தமில்லாத அளவுகோல் அல்ல. வானிலை முன்னறிவிப்புகளை மதிப்பிட 1950-இல் பிரையர் முன்வைத்த மதிப்பெண் இதுதான். நீண்ட கால அளவில் சரியான நிகழ்தகவைச் சொல்பவருக்குத்தான் அதிலும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆக, போய்ச்சேர வேண்டிய இடம் இரண்டுக்கும் ஒன்றுதான். சிக்மாய்டு வழியாக அங்கே நடந்துபோவதில்தான் சிக்கல். அதனால் பயிற்சியை கிராஸ் என்ட்ரபிக்கு மாற்றினேன். பயிற்சி முடிந்தபின் மதிப்பிட மட்டும் பிரையர் மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டேன்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பைடார்ச்சில் `BCEWithLogitsLoss` லாஜிட்டைத்தான் எதிர்பார்க்கும். சிக்மாய்டை அதுவே உள்ளே போட்டுக்கொள்ளும். மாடலின் கடைசியில் இருக்கும் பழைய சிக்மாய்டை எடுக்காமல் விட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் உள்ளே போவது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் என்பதால், இரண்டாவது சிக்மாய்டு தரும் நிகழ்தகவு 0.5-க்குக் கீழே இறங்கவே முடியாது. பழுதாகாத ஒவ்வொரு வரிசைக்கும் குறைந்தது 0.693 லாஸ் விழும். லாஸ் 0.68 வாக்கில் அசையாமல் நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெப்பநிலை வெளியீட்டுக்கு எம்எஸ்இயை அப்படியே விட்டேன். அங்கே சிக்மாய்டு கிடையாது; கடைசி அடுக்கு தரும் எண்தான் விடை. அந்த எண்ணையே p என்று கொண்டால், கிரேடியன்ட் வெறும் `2(p-y)`. தப்பு பெரிதானால் தள்ளலும் பெரிதாகும், செத்துப்போக வழியில்லை. உண்மை மதிப்பு கணிப்பைச் சுற்றி இயல்நிலைப் பரவலில் ஒரே அளவு சிதறுகிறது என்று கொண்டால், அந்தத் தரவு வருவதற்கான வாய்ப்பை அதிகப்படுத்துவதும் எம்எஸ்இயைக் குறைப்பதும் ஒரே வேலை. ஆம்–இல்லை விடைக்கு அதே கணக்கைப் போட்டால் கிராஸ் என்ட்ரபி வந்து நிற்கும்.

ஆனால் இரண்டையும் கூட்டும்போது புதுத் தொல்லை. வெப்பநிலையில் 5 டிகிரி தவறினால் எம்எஸ்இ 25. பழுதுப் பக்கம், உள்ளீட்டைப் பார்க்காமல் 0.04 என்றே சொல்லிக்கொண்டிருந்தால்கூட கிராஸ் என்ட்ரபி 0.168தான். அப்படியே கூட்டினால் பொதுவான அடுக்குகள் முழுக்க வெப்பநிலைக்கே வேலை செய்யும். பயிற்சித் தரவின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டால் வெப்பநிலை எம்எஸ்இயின் தொடக்க அளவு 1-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

```python
t = (temp - t_mean) / t_std
loss = F.mse_loss(out_t.squeeze(1), t) \
     + F.binary_cross_entropy_with_logits(
           out_f.squeeze(1), fail.float())
```

அந்த `squeeze(1)` அலங்காரத்துக்கு இல்லை. மாடல் தருவது `(N,1)`, விடை `(N,)` என்று இருந்தால், எம்எஸ்இ ஒவ்வொரு கணிப்பையும் எல்லா விடைகளோடும் ஒப்பிட்டுவிடும். மாடல் எல்லாவற்றுக்கும் சராசரியையே சொல்லக் கற்றுக்கொள்ளும். பைடார்ச் ஒரு எச்சரிக்கை காட்டும், ஆனால் ஓட்டத்தை நிறுத்தாது. பைனரி கிராஸ் என்ட்ரபியோ உடனே பிழை சொல்லி நின்றுவிடும்.

உள்ளீடுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டியதும் பழுது லாஸ் 0.69-இல் தொடங்கி, 0.168 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. சரி, மாடல் சென்சாரைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

கிராஸ் என்ட்ரபிக்கு ஒரு பலவீனமும் உண்டு. எம்எஸ்இயில் ஒரு வரிசையின் லாஸ் 1-ஐத் தாண்டாது. கிராஸ் என்ட்ரபியில் உச்சவரம்பே இல்லை. -6 லாஜிட்டோடு தவறினால் லாஸ் 6. விடையே தப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு வரிசை மாடலைப் பலமாக இழுக்கும். அதனால் பயிற்சி முடிந்ததும் லாஸ் அதிகமான வரிசைகளை மேலிருந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். உச்சியில் இருந்தவற்றில் பல, பேரிங் மாற்றப்பட்ட தேதியைத் தாமதமாகப் பதிவு செய்தவை. புது பேரிங் ஓடிக்கொண்டிருந்த நாள்களுக்கும் ‘பழுதாகும்’ என்று குறி விழுந்திருந்தது. தேதிகளைப் பராமரிப்புப் பிரிவினரோடு உட்கார்ந்து திருத்திய பிறகே அடுத்த பயிற்சியை ஓட்டினேன்.